மேலாளருக்கு அனுப்பும் செய்தியில் இமோஜி: பிழை திருத்திய பிறகு எது நிற்கலாம்?

"எங்கள் மேலாளருக்கு டீம்ஸில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அதற்கு முன் உடன் வேலை பார்க்கும் அக்காவிடம் காட்டிப் பிழை திருத்தித் தரச் சொன்னேன். எழுத்துப் பிழைகளோடு நான் போட்டிருந்த இமோஜி, ஸ்மைலி எல்லாவற்றையும் அவர் எடுத்துவிட்டார். இப்போது படித்தால் சாரிடம் சண்டைக்குப் போவது போல இருக்கிறது. திரும்பப் போடலாமா, இப்படியே அனுப்புவதா?

நான் எழுதியது: வணக்கம் சார் 🙏 ஜூன் மாச ஸ்டாக் ரிப்போர்ட் இன்னிக்கு முடியாது போல இருக்கு 😅 ரெண்டு குடோன் கணக்கு இன்னும் வரல. நாளைக்கு மதியத்துக்குள்ள அனுப்பிடறேன் சார் :)

அக்கா திருத்தியது: வணக்கம். ஜூன் மாத இருப்பு அறிக்கையை இன்று அனுப்ப இயலாது. இரண்டு கிடங்குகளின் கணக்கு இன்னும் வரவில்லை. நாளை மதியத்திற்குள் அனுப்புகிறேன்."

மூன்றில் 😅 கட்டாயம் போக வேண்டும். கடைசியில் உள்ள :) போகலாம், ஆனால் அது செய்துகொண்டிருந்த வேலையை வாக்கியத்திடம் ஒப்படைத்த பிறகுதான் போக வேண்டும். 🙏 நிற்பதும் போவதும் உங்கள் மேலாளரைப் பொறுத்தது. இந்தச் செய்தியில் நானாக இருந்தால் அதையும் எடுத்துவிடுவேன். அக்கா செய்த தவறு இமோஜிகளை நீக்கியதில் இல்லை. இமோஜிகளோடு சேர்த்து வேறு மூன்று நான்கு பொருள்களையும் நீக்கிவிட்டார் என்பதை அவரும் கவனிக்கவில்லை, நீங்களும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பல ஆண்டுகளாகப் பிறர் எழுதியதைத் திருத்துவதையே தொழிலாகச் செய்து வருகிறேன். மெய்ப்புத் திருத்துகிறவரின் கைக்கு எழுத்துப் பிழை, சந்திப் பிழை, ஒருமை பன்மைக் குழப்பம், நிறுத்தக்குறி ஆகியவை உரியவை. இமோஜி இந்த வரிசையில் சேராது; அது எழுதியவரின் குரல். திருத்துகிறவர் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தரலாமே தவிர, கேட்காமல் அடிக்கக் கூடாது. எனக்கே இது பட்டுத் தெரிந்த பாடம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஓர் இளம்பெண் துறைத்தலைவருக்கு எழுதிய நான்கு வரிச் செய்தியைத் திருத்தும்போது, கடைசியில் இருந்த ஒரு சிரிப்பு முகத்தை எதையும் யோசிக்காமல் எடுத்துவிட்டேன். செய்தி போன பத்தாவது நிமிடம் துறைத்தலைவர் அவரை அழைத்து, "என்னம்மா, ஏதாவது மனவருத்தமா?" என்று கேட்டார். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடத் தவறாக இல்லை. இருந்தும் அது கோபமாகக் கேட்டிருக்கிறது.

ஏன் அப்படிக் கேட்கிறது என்பதை உங்கள் செய்தியிலேயே பார்க்கலாம். முதல் வடிவத்தில் "சார்" இரண்டு முறை வந்தது. திருத்திய வடிவத்தில் ஒரு முறைகூட இல்லை. "முடியாது போல இருக்கு" என்பது "இயலாது" ஆகிவிட்டது. "அனுப்பிடறேன்" என்பது "அனுப்புகிறேன்" ஆகிவிட்டது. இந்த மூன்றும் இலக்கணப்படி சரியான மாற்றங்கள்தாம், ஆனால் தமிழில் பணிவும் உறுதியும் குடியிருப்பது பெரும்பாலும் இத்தகைய சிறிய இடங்களில்தான். "இயலாது" என்பது பேருந்திலும் கடைவாசலிலும் எழுதி ஒட்டும் சொல். "சில்லறை தர இயலாது" என்பதில் தெரிவது இயலாமையைவிட மறுப்புதான். "முடியவில்லை" என்றால் முயன்று பார்த்ததாகப் பொருள். அதேபோல "அனுப்புகிறேன்" என்பது வெறும் தகவல். "அனுப்பிவிடுகிறேன்" என்று விடு என்னும் துணைவினையைச் சேர்த்தால், வேலை முடிந்துவிடும், நீங்கள் அதைப் பற்றி இனி நினைக்க வேண்டியதில்லை என்ற உறுதி அதில் வந்து சேர்கிறது. பேச்சுத்தமிழின் "அனுப்பிடறேன்" இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா அதை எழுத்துத்தமிழாக மாற்றியபோது "அனுப்பிவிடுகிறேன்" என்று மாற்றியிருக்க வேண்டும், துணைவினையை விட்டுவிட்டார்.

ஆகவே சண்டைக்குப் போவது போல இருப்பதற்குக் காரணம் இமோஜி போனது மட்டும் இல்லை. மென்மையைத் தாங்கிய எல்லாத் தூண்களையும் ஒரே நேரத்தில் எடுத்தாகிவிட்டது. இந்த நிலையில் பழைய மூன்று இமோஜிகளையும் அப்படியே திரும்ப ஒட்டினால் நிலைமை இன்னும் விசித்திரமாகும். "ஜூன் மாத இருப்பு அறிக்கையை இன்று அனுப்ப இயலாது 😅" என்று எழுதிப் பாருங்கள். சுற்றறிக்கை வாசகத்தின் முடிவில் அசட்டுச் சிரிப்பு நிற்கிறது. படிப்பவருக்குக் கேலி போலத் தோன்றும். நீங்கள் இமோஜிகளை வைத்தது உங்கள் பேச்சுநடைக்கு ஏற்ப. நடை மாறிய பின் அந்த முடிவு செல்லாது. ஒவ்வொன்றையும் புதிய வாக்கியத்தின் பக்கத்தில் வைத்து மறுபடி முடிவு செய்ய வேண்டும். திருத்துவதற்கு முன்பே "வைப்பேன்", "வைக்கமாட்டேன்" என்று முடிவு கட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

முடிவு செய்யும் முறை ஒன்றுதான். இமோஜியை விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். பொருளும் தொனியும் மாறவில்லை என்றால் அது அலங்காரம்; இருந்தாலும் இழப்பில்லை, போனாலும் இழப்பில்லை. மாறுகிறது என்றால் அந்த வாக்கியம் சொல்ல வேண்டிய ஒன்றை இமோஜி சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்போது அது என்ன என்று உங்களையே கேட்டு, ஒரு சொல்லில் பதில் சொல்லிப் பாருங்கள். மன்னிப்பு, தயக்கம், வேண்டுகோள், நகைச்சுவை, நன்றி என்று ஏதாவது ஒன்று வரும். நகைச்சுவை என்று வந்தால் இமோஜியை வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நகைச்சுவையை விளக்கி எழுதினால் அது செத்துவிடும். மற்ற எதுவாக இருந்தாலும் அந்தச் சொல்லையே எழுதிவிட்டு இமோஜியை எடுங்கள்.

நகைச்சுவைக்கு மட்டும் நான் விலக்குத் தருவதற்கு ஸ்மைலியின் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையாக எழுதியவற்றுக்கு :-) என்னும் குறியையும், வேடிக்கை அல்லாதவற்றுக்கு :-( என்னும் குறியையும் இடலாம் என்று அங்கிருந்த கணினிவழி அறிவிப்புப் பலகையில் எழுதினார். மின்தூக்கி ஒன்றில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் விளையாட்டாக எழுதிய எச்சரிக்கையைச் சிலர் உண்மை என்று எடுத்துக்கொண்டதிலிருந்து எழுந்த யோசனை அது. "இதை நிஜமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்பதுதான் ஸ்மைலியின் முதல் பொருள். இன்று அதற்கு வேறு பத்துப் பொருள்கள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் தாமதத்தைத் தெரிவிக்கும் வாக்கியத்தின் அருகே சிரிப்பு முகம் வரும்போது, அந்தப் பழைய பொருள்தான் மேலாளரின் கண்ணில் முதலில் படும்.

இப்போது உங்கள் மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

நெற்றியில் வியர்வைத் துளியோடு சிரிக்கும் 😅 முகத்தை விரலால் மறைத்தால் என்ன போகிறது? உங்கள் சங்கடம் போகிறது. "தெரியும் சார், தப்புதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதைத்தான் அந்த முகம் சொல்லியிருக்கிறது. அதற்கு எழுத்தில் "மன்னிக்கவும்" என்று ஒரே சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை எழுதக் கூச்சமாக இருந்ததால்தான் முகத்தைப் போட்டிருப்பீர்கள். பெரும்பாலோர் அதற்குத்தான் போடுகிறார்கள். ஆனால் மேலாளர் பக்கத்திலிருந்து பாருங்கள். அவருக்கு ஒரு வேலை தள்ளிப்போகிறது, ஒருவேளை அவரும் யாரிடமாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். தாமதத்தை நீங்கள் சிரித்துக் கடந்துவிட்டதாக அவர் நினைப்பதற்கு இடம் கொடுக்கக் கூடாது. "முடியாது போல இருக்கு" என்பதும் இதே காரணத்தால் போக வேண்டியதுதான்; முடியுமா முடியாதா என்று அவரை ஊகிக்க விடுகிறது. அந்த இடத்தில் அக்காவின் உள்ளுணர்வு சரி, தேர்ந்தெடுத்த சொல்தான் தவறு.

கடைசியில் உள்ள :) வேறு வகை. அதை மறைத்தால் செய்தி சற்று வறண்டுபோகிறது, அவ்வளவுதான். "நல்லபடியாக முடித்துவிடுவேன், கவலைப்படாதீர்கள்" என்பதே அதன் பொருள். "அனுப்பிவிடுகிறேன் சார்" என்று எழுதிவிட்டால் துணைவினையும் விளியும் சேர்ந்து அதைச் சொல்லிவிடுகின்றன. இதன்பின் ஸ்மைலி இருந்தால் குற்றம் இல்லை. ஆனால் அதற்குச் செய்ய வேலையும் இல்லை. இன்னொன்றும் உண்டு. பல சாட் மென்பொருள்கள் நீங்கள் தட்டிய :) என்பதைத் தாமாகவே ஒரு மஞ்சள் முகமாக மாற்றிவிடுகின்றன. ஸ்லாக்கில் அது 🙂 என்ற அரைச் சிரிப்பாக வரும்; அந்த முகத்தை இளையவர்கள் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதாக, அதாவது எரிச்சலின் அடையாளமாகப் படிக்கிறார்கள். நீங்கள் போட்ட குறியும் அவர் பார்க்கும் முகமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

🙏 தான் நம்மவர்களுக்குச் சிக்கலானது. யூனிகோடில் அதற்கு இட்ட பெயர் கைகூப்பிய மனிதர் என்பதுதான். எதற்காகக் கூப்பினார் என்று அங்கே சொல்லவில்லை. நாம் வணக்கத்துக்கும் அதைப் போடுகிறோம், நன்றிக்கும் போடுகிறோம், மன்னிப்புக்கும், கெஞ்சலுக்கும், இரங்கலுக்கும் போடுகிறோம். எந்தப் பொருள் என்பதைப் பக்கத்துச் சொல்தான் தீர்மானிக்கிறது. "வணக்கம் சார் 🙏" என்று மட்டும் காலையில் அனுப்பினால் அது வணக்கம். அதே வரியைத் தொடர்ந்து தாமதச் செய்தி வந்தால், படித்து முடிப்பதற்குள் அந்தக் கைகள் மன்னிப்புக் கேட்கும் கைகளாக மாறிவிடும். செய்தியை வாசிப்பதற்கு முன்பே நீங்கள் காலில் விழுந்துவிட்டது போல ஆகும். "மன்னிக்கவும்" என்று வெளிப்படையாக எழுதிய பிறகு அது இரட்டிப்பாகிறது. உங்கள் மேலாளர் தாமே தினமும் 🙏 போட்டுப் பேசுகிறவர் என்றால், அதை விட்டுவிடுவது அவருக்கு உறுத்தலாக இருக்கலாம். அப்போது வணக்கத்தோடு ஒன்று மட்டும் நிற்கட்டும். மூன்று நான்காக அடுக்க வேண்டாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களில் சில ஒவ்வொன்றின் பெயரையும் தனித்தனியாக வாசிக்கும் என்பது அடுக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணம்.

மேலாளரைப் பொறுத்தது என்று சொன்னேன். அதை எப்படி அறிவது? அவருடைய கடைசி இருபது செய்திகளை மேலே நகர்த்திப் பாருங்கள். அவர் உங்களுக்கு இமோஜி அனுப்பியிருக்கிறாரா, எந்த வகைச் செய்தியில் அனுப்பியிருக்கிறார் என்று கவனியுங்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கு 🎂 போடுகிறவர், கணக்கு விஷயம் பேசும்போது ஒன்றுமே போடுவதில்லை என்றால், அவர் உங்களுக்கு விதியைச் சொல்லாமலேயே சொல்லிவிட்டார். புதிதாக வந்த மேலாளருக்கு முதல் செய்தி எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றும் போடாமல் இருப்பதே பாதுகாப்பு. இஸ்ரேலைச் சேர்ந்த எலா கிளிக்சன் என்பவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வரும் அலுவல் செய்தியில் ஸ்மைலி இருந்தால், படிப்பவர்கள் எழுதியவரை அன்பானவராகக் கருதுவது கூடவில்லை என்றும், திறமை குறைந்தவராகக் கருதுவது கூடியது என்றும் கண்டார்கள். நேரில் சிரிப்பதற்குக் கிடைக்கும் பலன் எழுத்தில் சிரிப்பதற்குக் கிடைக்கவில்லை. அலுவல் சாராத இலகுவான செய்திகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை என்பதையும், ஆய்வு முதல் அறிமுகத்தைப் பற்றியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக உங்களோடு தேநீர் குடிக்கும் மேலாளருக்கு இது அப்படியே பொருந்தாது.

ஆனால் உங்களை நன்கு அறிந்த மேலாளரும் அந்தச் செய்தியைத் தம்மோடு வைத்துக்கொள்வார் என்பதற்கு உறுதி இல்லை. ஸ்டாக் ரிப்போர்ட் தாமதம் போன்ற செய்திகள் மேலே போகும் இயல்புள்ளவை. "ஏன் வரவில்லை?" என்று தலைமை அலுவலகம் கேட்டால், உங்கள் செய்தியை அப்படியே படம் பிடித்து அனுப்பிவிடுவதுதான் அவருக்கு எளிது. அப்போது உங்களை அறியாத ஒருவர் முன்னால் 😅 நிற்கும். ஆகவே காரணம், தேதி, தொகை, ஒப்புதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும் செய்தியை, மூன்றாவது மனிதர் படிப்பார் என்று வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

ஒப்புதல் என்றதும் 👍 பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஆளிவிதை வாங்கும் நிறுவனம் ஒன்று 2021-இல் ஒப்பந்தத்தின் படத்தை ஒரு விவசாயிக்குக் கைபேசியில் அனுப்பி உறுதிசெய்யச் சொன்னது. அவர் 👍 மட்டும் அனுப்பினார். செய்தி வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொன்னேன், ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்று அவர் பின்னர் வாதிட்டார். 2023-இல் நீதிமன்றம் அந்தக் கட்டைவிரலைக் கையொப்பத்துக்கு நிகராக ஏற்று, ஏறத்தாழ 82,000 கனடா டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. இதே இருபொருள் நம் அலுவலகங்களிலும் தினமும் நடக்கிறது. "சனிக்கிழமை வர முடியுமா?" என்று மேலாளர் கேட்க, "பார்த்துவிட்டேன்" என்னும் பொருளில் நீங்கள் 👍 போட, அவர் உங்களை வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுவார். பதிலே 👍 மட்டும்தான் என்றால், அதற்குப் பதில் "வருகிறேன் சார்" என்றோ "பார்த்துச் சொல்கிறேன் சார்" என்றோ எழுதிவிடுங்கள்.

திருத்திய செய்தியை எங்கிருந்து எங்கே ஒட்டுகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அக்கா வேர்டில் திருத்தித் தந்திருந்தால் இது முக்கியம். வேர்டின், அவுட்லுக்கின் பழைய பதிப்புகள் :) என்று தட்டியதும் அதை ஒரு முகமாக மாற்றிக் காட்டும். உண்மையில் அங்கே இருப்பது Wingdings என்னும் எழுத்துருவில் எழுதிய J என்னும் எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் முகம் போய் எழுத்து மட்டும் மிஞ்சும். "அனுப்பிவிடுகிறேன் சார் J" என்று படித்துவிட்டு, ஜே என்பது யாருடைய முதலெழுத்து என்று மேலாளர் யோசிப்பார். எதிர்ப்பக்கமும் உண்டு. வரிசை எண் போட்டு எழுதும் செய்தியில் 8) என்று தட்டினால், சில சாட் மென்பொருள்கள் அதைக் கறுப்புக் கண்ணாடி அணிந்த 😎 ஆக்கிவிடும், எட்டாவது குடோன் கணக்கு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு போய்ச் சேரும். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் சாட் பெட்டியிலேயே ஒருமுறை படித்துவிட்டால் ஒட்டும்போது வந்த கோளாறு தெரிந்துவிடும். அனுப்பிய பின் மாறும் கோளாறை அனுப்பியதும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம், டீம்ஸில் பொதுவாக அதற்கு வசதி உண்டு.

இமோஜி நிற்கும் என்று முடிவானால் நிறுத்தக்குறியை மறக்காதீர்கள். வாக்கியத்தை முற்றுப்புள்ளியோடு முடித்து, ஓர் இடைவெளி விட்டு, பிறகு இமோஜி வைப்பது படிக்க நன்றாக இருக்கிறது. உங்கள் முதல் வடிவத்தில் 🙏, 😅 இரண்டும் முற்றுப்புள்ளியின் வேலையைச் செய்துகொண்டிருந்தன. அவற்றை எடுத்தபோது அக்கா புள்ளி வைத்துவிட்டார், ஆனால் பலர் வைக்க மறந்து இரண்டு வாக்கியங்களை ஒட்டவிட்டுவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து, உங்கள் செய்தியை நான் இப்படி மாற்றுவேன்:

வணக்கம் சார். ஜூன் மாத ஸ்டாக் ரிப்போர்ட்டை இன்று முடிக்க முடியவில்லை, மன்னிக்கவும். இரண்டு குடோன்களின் கணக்கு இன்னும் வரவில்லை. இன்று மாலைக்குள் கேட்டு வாங்கிவிடுகிறேன். ரிப்போர்ட்டை நாளை மதியம் 12 மணிக்குள் அனுப்பிவிடுகிறேன் சார்.

"ஸ்டாக் ரிப்போர்ட்", "குடோன்" ஆகியவற்றை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் யாரும் "இருப்பு அறிக்கை" என்று சொல்வதில்லை என்றால், திடீரென்று அப்படி எழுதுவதும் ஒரு விலகலைக் காட்டும். "மதியத்துக்குள்ள" என்பதை 12 மணி என்று மாற்றியதற்குக் காரணம், சிலருக்கு மதியம் என்பது சாப்பாட்டுக்கு முன், சிலருக்குச் சாப்பாட்டுக்குப் பின். உங்களால் எந்த மணிக்கு முடியுமோ அந்த மணியைப் போடுங்கள். அந்த இரண்டு குடோன்கள் எவை என்று பெயர் சொல்லி எழுதினால், அவரே ஒரு போன் போட்டுக் கணக்கை வரவழைத்துத் தரவும் வாய்ப்பிருக்கிறது. நாளை சொன்ன நேரத்தில் ரிப்போர்ட்டை அனுப்பும்போது "அனுப்பிவிட்டேன் சார், பொறுத்துக்கொண்டதற்கு நன்றி 🙏" என்று எழுதினால் அந்தக் கைகளுக்கு நன்றி என்னும் ஒரே பொருள்தான் இருக்கும். அங்கே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர் 👍 போட்டால் அதற்கும் ஒரு 🙏 திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.